நேர்காணல் எடுத்துவிட்டால் அது தோற்றப்பாட்டியல் ஆகிவிடாது

இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கமிருந்து இன்னுமோர் ஆய்வு முன்மொழிவு வந்திருக்கிறது. தலைப்பு, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் வாழ்வனுபவம். முறையியல், ஓர் அனுபவம் அதை வாழ்ந்தவருக்கு எப்படித் தோன்றியது என்பதை விவரிக்கும், பினாமினாலஜி எனப்படும் தோற்றப்பாட்டியல். உள்ளே போனால், "புதிய தகவல் வராத நிலை வரும்வரை ஆட்களைச் சேர்ப்பேன், குறியீடுகளைத் தொடர்ந்து ஒப்பிடுவேன், இறுதியில் ஒரு கோட்பாட்டு மாதிரியை உருவாக்குவேன்" என்று எழுதியிருக்கிறது. இது 1967இல் சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் முன்வைத்த, தரவிலிருந்தே கோட்பாட்டை எழுப்பும் கிரவுண்டட் தியரி. பெயர்தான் வேறு. இதைத் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்துவிட்டது.

பத்துப் பேரிடம் மனம்விட்டுப் பேசிப் பதிவு செய்தால் அது தோற்றப்பாட்டியல் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நேர்காணல் இரண்டு முறைகளுக்கும் பொது. ஆட்கள் குறைவாக இருப்பதும் அடையாளமல்ல. என்ன கேள்வியோடு போகிறீர்கள், கேட்டதை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம்.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் சொல்கிறார் என்று வையுங்கள்: "முள்ளு நிக்கிற வரைக்கும் மூச்சே விடமாட்டேன். கிலோ கொறஞ்சா அரைப்பேருதான்." அரைப்பேர் என்றால் அன்றைக்குப் பாதி நாள் கூலிதான். மாணவர் ஓரத்தில் "பொருளாதார அழுத்தம்" என்று ஒரு குறியீட்டை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். அனுபவம் அங்கேயே தொலைந்துவிடுகிறது.

தோற்றப்பாட்டியலில் அந்த வரியிலேயே நில்லுங்கள். மூச்சு நிற்கும் அந்தக் கணம் எப்படி இருந்தது? உடம்பில் எங்கே தெரிந்தது? நேரம் நீண்டதா? சுற்றியிருந்தவர்கள் கண்ணில் பட்டார்களா? "ஏன் பயந்தீர்கள்" என்று கேட்காதீர்கள், அது விளக்கத்துக்கு இழுத்துப் போய்விடும். பிறகு முழுப் பதிவையும் வாசித்து, பொருள் மாறும் இடங்களில் பிரித்து, பலரது விவரிப்பிலும் எதை எடுத்துவிட்டால் அது "நிறுவைக்குக் காத்திருத்தல்" ஆகாதோ அதைத் தேடுங்கள். கிடைப்பது அந்த அனுபவத்தின் விவரிப்பு. அரைப்பேர் ஏன் விழுகிறது என்று அது சொல்லாது, சொல்லவும் தேவையில்லை.

கிரவுண்டட் தியரியின் கேள்வியோ, அரைப்பேரைத் தவிர்க்க இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது. ஒருவர் தன் கொழுந்தைப் பக்கத்து நிரைக்காரிக்குக் கொடுக்கிறாரா? அப்படியென்றால் அடுத்து அந்த நிரைக்காரி, அப்புறம் கொடுக்க மறுத்தவர், பிறகு கங்காணி. அடுத்து யாரைப் பார்ப்பது என்பதைப் பகுப்பாய்வே தீர்மானிக்கும். ஆகவே எல்லா நேர்காணலையும் முடித்துவிட்டுக் குறியிட உட்காரக் கூடாது. முடிவில் அந்தச் செயற்பாட்டை விளக்கும் கோட்பாடு வர வேண்டும்.

லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவும் மடுவத்தில் நின்றவர்தான். "என் முன்முடிவுகளை ஒதுக்கிவைத்தேன்" என்ற ஒற்றை வரி போதாது. நேர்காணலுக்கு முன்பே, நிறுவை பற்றி நீங்கள் நம்புவதையெல்லாம் எழுதிவையுங்கள். பகுப்பாய்வில் அதே வார்த்தைகள் திரும்ப வந்தால், அந்தப் பெண் உண்மையில் சொன்னாரா என்று ஒலிப்பதிவை மறுபடி கேளுங்கள்.