சீவிய உரித்தா, மரண சாதனமா?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நான்கு பரப்புக் காணியும் வீடும் ஒரு தாயின் சீதனச் சொத்து. அதை மகளுக்குக் கொடுக்க விரும்பும் அவர், தம் சீவியம் முடியும்வரை அதே வீட்டில் இருக்கவும் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் நன்கொடை உறுதி எழுதினால் காணியின் உரிமை இன்றே மகளுக்குப் போய்விடும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, பிரசித்த நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே வேளையில் உடனிருக்க அவர் ஒப்பமிட வேண்டும். மகளும் நன்கொடையை ஏற்றுக்கொண்டதாக அதே உறுதியில் ஒப்பமிடுவது வழக்கம். மகள் கனடாவில் இருந்தால் அற்றோணித் தத்துவம் பெற்றவர் அவருக்காக ஏற்கலாம்.

தாயின் இருப்புக்கு வழி, அந்த உறுதியிலேயே சீவிய உரித்தை, அதாவது தம் ஆயுள்வரை காணியையும் வீட்டையும் அனுபவிக்கும் உரிமையை, தமக்கென ஒதுக்கிக்கொள்வதுதான். தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் எழுதப்படும் செட்டில்மென்ட் பத்திரம் செய்யும் வேலையை யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் இத்தகைய நன்கொடை உறுதியே செய்கிறது. மகள் பின்னர் காணியை விற்றாலும், வாங்குபவர் தாயின் சீவிய உரித்துக்கு உட்பட்டே வாங்குவார். மகள் தாய்க்கு முன்னரே இறந்தால் காணி தானாகத் தாயிடம் திரும்பாமல் மகளின் உரித்தாளர்களுக்குச் செல்லும் என்பதையும் ஒப்பமிடுமுன் தாய் அறிந்திருக்க வேண்டும். மீளப்பெற முடியாததாக எழுதிய நன்கொடையை மனம் மாறியதற்காக அவர் இன்னோர் உறுதியால் ரத்துச் செய்ய முடியாது. மகளின் பெரும் நன்றிகேட்டைக் காட்டி, 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

மரண சாதனம், அதாவது உயில், இதற்கு நேர்மாறானது. அது எழுதப்பட்ட நாளில் மகளுக்கு எந்த உரிமையும் பிறப்பதில்லை. தாய் அதை எத்தனை முறையும் மாற்றலாம், காணியையே விற்றுவிடவும் செய்யலாம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையாக அதை எழுதலாம். நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகள் தேவை. தாய் காலமான பின் மாவட்ட நீதிமன்றத்தில் அதை நிரூபித்த பிறகே அது நடைமுறைக்கு வரும். அந்த வழக்கில் மற்றப் பிள்ளைகள் ஆட்சேபம் எழுப்ப இடமுண்டு.

யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட குடும்பங்களில் இன்னொரு வேறுபாடும் உண்டு, அதுவே அதிகம் தவறவிடப்படுகிறது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டப்படி மணமான பெண் தம் அசையாச் சொத்தை உயிரோடிருக்கையில் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மரண சாதனத்துக்கு அது வேண்டியதில்லை. ஆகவே கணவர் ஒப்பமிடாத நன்கொடை உறுதியால், சீதனக் காணியாக இருந்தாலும், மகளுக்கு உரிமை மாறாது. அவர் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கோரலாம்.

வாசகத்திலும் கவனம் தேவை. "என் மறைவின் பின்னரே காணி உரித்தாகும்" என்று எழுதினால், தலைப்பு நன்கொடை உறுதி என்றிருந்தாலும் நீதிமன்றம் அதை மரண சாதனமாகப் பார்க்கக்கூடும். "இன்றே உரித்தாக்கினேன், சீவிய உரித்தை மட்டும் எனக்கு ஒதுக்கினேன்" என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து, ஒப்பமான உறுதியைத் தாமதமின்றிக் காணிப் பதிவகத்தில் பதிவுசெய்விக்க வேண்டும். பதியாமல் கிடக்கும் உறுதியை, பின்னர் பணம் கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவரின் உறுதி வென்றுவிடும்.