அந்த மைனஸ் எதோடு ஒட்டும்? ஒரு பல்தேர்வு வினாவும் அதன் ஐந்து விடைகளும்

கொக்குவிலில் மாலை வகுப்பு. உயர்தர ஐ.சி.ரி. மாணவர்களுக்கு, பல்தேர்வு வினாக்களில் வருகிற மாதிரி ஒரு பைதன் வரியைக் கரும்பலகையில் எழுதினேன்.

```
print(-3 ** 2 // 4)
```

கீழே ஐந்து விடைகள்: 2, -2, -3, -1, -2.25. எது சரி? முன்வரிசையில் இருந்த பிள்ளை உடனே எழும்பினாள். "சேர், ரெண்டு. மைனஸ் மூண்டின்ர வர்க்கம் ஒன்பது, ஒன்பதை நாலால பிரிச்சா ரெண்டு." வகுப்பில் பாதிப் பேருக்கும் மேல் அதே விடைக்குத்தான் புள்ளடி போட்டிருந்தார்கள்.

நான் திருப்பிக் கேட்டேன்: "பிள்ளை, அந்த மைனஸ் மூண்டோட ஒட்டியிருக்கெண்டு ஆர் சொன்னது?"

இந்த வினாவின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நம் கண்ணுக்கு -3 என்பது ஒரே எண். பைதனுக்கு அது இரண்டு துண்டு: 3 என்ற எண், அதற்கு முன்னால் ஒரு மைனஸ் குறி. அந்த மைனஸும் ஒரு செயல்தான், அதற்கும் வரிசையில் ஓர் இடம் உண்டு. அடுக்கேற்றக் குறியான `**` மைனஸை முந்திக்கொள்ளும். ஆனால் `*`, `/`, `//`, `%` ஆகிய நான்கையும் மைனஸ் முந்திக்கொள்ளும். அதாவது மைனஸ் இருப்பது நடுப்படியில். ஆகவே முதலில் `3 ** 2`, அது 9. பிறகு மைனஸ், -9. அதன் பிறகுதான் `// 4`. அடைப்புக்குறி போட்டு எழுதினால் வரி இப்படி ஆகும்:

```
(-(3 ** 2)) // 4
```

சரி, இப்போது -9 // 4. இங்கே இரண்டாவது பொறி. 9 // 4 என்றால் 2, அதனால் -9 // 4 என்றால் -2 என்று கை தானாக எழுதிவிடும். சரியான விடை -3.

ஏன்? `//` புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எறிவதில்லை. எண் கோட்டில் இடப்பக்கம் போய், அங்கே முதலில் வருகிற முழு எண்ணைப் பிடிக்கிறது. -9 ஐ 4 ஆல் பிரித்தால் -2.25. கோட்டில் அதற்கு இடப்பக்கம் நிற்பது -3, வலப்பக்கம் நிற்பது -2. நேர் எண்ணில் வெட்டினாலும் இடப்பக்கம் போனாலும் ஒரே விடை வருவதால், இந்த வித்தியாசம் பல மாதம் கண்ணில் படாமலே இருந்துவிடும். மறை எண் வருகிற அன்றைக்குத்தான் பிடிபடும்.

இதை வெறும் விதியாகப் பாடமாக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் காரணம் அழகானது. `//` தருகிற ஈவும் `%` தருகிற மீதியும் சோடியாகவே வருகின்றன: ஈவை வகுத்த எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால், தொடங்கின எண் திரும்பி வரவேண்டும். வகுக்கிற எண் நேர் எண் என்றால் மீதி ஒருபோதும் மறையாகாது என்று பைதன் வைத்துக்கொண்டது. ஈவு -3 என்றால் -12, மீதி 3. கூட்டினால் -9. ஈவு -2 என்றால் -8, மீதி -1 ஆகிவிடும், பைதன் அதை ஏற்காது. இதன் பயன் மணிக்கூட்டில் தெரியும். இப்போது 2 மணி, 5 மணித்தியாலத்துக்கு முன் எத்தனை மணி? (2 - 5) % 12 என்று போட்டால் நேராக 9 கிடைக்கிறது. மீதி -3 என்று வந்தால் அதை வைத்து எந்த மணியைச் சொல்வது?

பின்வரிசைத் தம்பி ஒருவன் விடவில்லை. "சேர், எங்கட அண்ணா கிளிநொச்சியில எஞ்சினியரிங் படிக்கிறவர். அவர் மைனஸ் ரெண்டு எண்டுதான் சொன்னவர்." அண்ணா சொன்னதும் பிழையில்லை. சி மொழியில் -9 / 4 என்றால் -2 தான், அது பூச்சியத்தின் பக்கம் வெட்டுகிற மொழி. அங்கே -9 % 4 என்றால் -1. வினா எந்த மொழியில் கேட்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் விடை சொல்ல முடியாது. உயர்தரத்தில் அது பைதன்.

மற்ற விடைகளும் சும்மா போட்ட எண்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பிழையின் தடம். 2 என்பது மைனஸை மூன்றோடு ஒட்டினவருக்கு. -2 என்பது வெட்டினவருக்கு. -2.25 என்பது `//` ஐ `/` என்று வாசித்தவருக்கு. -1 என்பது 2 // 4 ஐ முதலில் செய்து, பூச்சியம் எடுத்து, மூன்றின் பூச்சிய அடுக்கு 1, மைனஸ் போட -1 என்று போனவருக்கு. அதனால்தான் "என்ர விடை லிஸ்டில இருக்கு, அப்ப சரி" என்ற நம்பிக்கை இந்த வகை வினாவில் உதவாது. விடைகளைக் கையால் மூடிக்கொண்டு கணக்கை முடித்துவிட்டு, அப்புறம் கையை எடுக்கச் சொல்வேன். 2 மணித்தியாலத்தில் 50 வினா, ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். அடைப்புக்குறி போட அதில் 20 செக்கன் போதும்.

பொட்மாஸ் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பெருக்கலுக்கு முன் வகுத்தல் என்று அதை மனதில் பதித்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் அதிகம். 3 * 7 // 2 என்று கொடுத்தால் 7 // 2 ஐ முதலில் செய்து 3 எடுத்து, 9 என்று எழுதுவார்கள். பைதனில் அந்த நான்கு குறிகளும் ஒரே படி, இடமிருந்து வலம்: 21, பிறகு 10. சாதாரணக் கணக்கில் 3 × 7 ÷ 2 ஐ எப்படிச் செய்தாலும் 10.5 தான் வரும், அதனால் அந்தப் பழக்கம் இவ்வளவு நாளும் யாரையும் கடிக்கவில்லை. `//` வந்தவுடன் பின்னம் நடுவழியிலேயே தொலைகிறது. எந்த இடத்தில் தொலைகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. `**` மட்டும் வலமிருந்து இடம்: `2 ** 3 ** 2` என்றால் 2 இன் 9 ஆம் அடுக்கு, 512. 64 அல்ல.

பழைய கொப்பிகளைப் பார்த்துப் படிப்பவர்கள் `print` க்கு அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பைதன் 2 காலத்துக் குறிப்பு. அதில் 7 / 2 என்றால் 3, இன்றைய பைதனில் 3.5. இன்று 6 / 2 கூட 3 அல்ல, 3.0. விடைகளில் 3 உம் 3.0 உம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வினா கேட்பது அதைத்தான்.

வகுப்பு முடிய முன்னர் இன்னொரு வரி எழுதினேன்.

```
print(-7 // 2 * 2 + -7 % 2)
```

முதலில் 2 என்று சொன்ன அதே பிள்ளை இந்தமுறை எழும்பவில்லை, கொப்பியில் அடைப்புக்குறி போட்டுக்கொண்டிருந்தாள். -7 // 2 என்றால் -4. இரண்டால் பெருக்க -8. -7 % 2 என்றால் 1. இரண்டையும் கூட்ட -7.

"சேர், தொடங்கின எண்ணே திரும்பி வந்திட்டுது" என்றாள்.