சன்ஸ்கிரீன் வெள்ளை பூக்கிறதா? அளவைக் குறைக்காதீர்கள், டியூபை மாற்றுங்கள்

மங்குக்கு மருந்து எழுதும்போதெல்லாம் கூடவே சன்ஸ்கிரீனும் எழுதுகிறோம். இரண்டு மூன்று மாதம் கழித்து வருகிறவரின் கன்னத்தில் கறுப்பு அப்படியே இருக்கும். "சன்ஸ்கிரீன் போடுறீங்களா?" என்றால், "தினமும் காலையில தவறாம போடுறேன் டாக்டர்" என்பார். பொய் சொல்லவில்லை. "ஒரு டியூப் எத்தனை நாள் வருது?" என்று அடுத்துக் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். "50 கிராம் டியூப்தான். வாங்கி ஆறு மாசம் ஆச்சு, இன்னும் கொஞ்சம் இருக்கு."

கணக்குப் போட்டுப் பாருங்கள். டியூபின் மேல் அச்சடித்திருக்கும் எஸ்.பி.எஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசிச் சோதித்து எழுதியது. பெரியவர் ஒருவரின் முகமும் முன்கழுத்தும் சேர்ந்து சுமார் 550 சதுர சென்டிமீட்டர் வரும். அப்படியானால் ஒரு தடவைக்கு 1.1 கிராம் வேண்டும். தினம் ஒரு தடவை மட்டும் போட்டாலே 50 கிராம் டியூப் ஒன்றரை மாதத்தில் காலியாகிவிட வேண்டும். அதை ஆறு மாதம் ஓட்டுகிறவர் ஒரு நாளைக்கு 0.28 கிராம்தான் போடுகிறார். தேவையில் கால் பங்கு. பாதுகாப்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இறங்கும். எஸ்.பி.எஃப் 50 என்று எழுதியிருப்பது அவர் முகத்தில் 12, 13 என்றுதான் வேலை செய்துகொண்டிருக்கிறது.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். "அதுக்கு மேல போட்டா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு டாக்டர், வெளிய போகவே கூச்சமா இருக்கு" என்கிறார். நியாயமான குறைதான். தப்பு அவர் மேல் இல்லை, அவர் கையில் இருக்கும் டியூபின் மேல். அதை மாற்றாமல் அளவைக் குறைத்துக்கொள்வதுதான் பிரச்சினை.

இந்த வெள்ளை பெரும்பாலும் ஜிங்க் ஆக்சைடாலும் டைட்டானியம் டை ஆக்சைடாலும் வருகிறது. இரண்டும் கரையாத தூள்கள், கிரீமுக்குள் துகளாகவே இருப்பவை. தோலின் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட 1.4 முதல் 1.5 வரை. ஜிங்க் ஆக்சைடுக்கு அது ஏறக்குறைய 2, டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 2.5-க்கும் மேல். இந்த வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, துகளில் பட்ட வெளிச்சம் அவ்வளவு சிதறும். துகளின் பருமனும் சேர்ந்துகொள்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடு துகள் 200 முதல் 300 நானோமீட்டர் வரை இருந்தால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மிக அதிகமாகச் சிதறடிக்கும். வெள்ளை பெயின்டில் போடுவதும் அதே பொருள், அதே பருமன்.

வெளுத்த தோல் தானே நிறைய வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதன் மேல் இந்தச் சிதறல் அவ்வளவாகத் தெரியாது. மாநிறமும் கறுப்புமான தோலில் அப்படியே எடுத்துக்காட்டிவிடும். துகள் சிறிதாக ஆக, நீல வெளிச்சம் மற்ற நிறங்களைவிடக் கூடுதலாகச் சிதறும். அதனால்தான் சில கிரீம்கள் நம் தோலில் வெள்ளையாகத் தெரியாமல், சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு நோய்க்களையைக் கொடுக்கின்றன. வெளிர் தோலில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு "வெள்ளை பூக்காது" என்று அட்டையில் எழுதுகிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இனி, என் பொறுமையை மிகவும் சோதிக்கும் நம்பிக்கைக்கு வருகிறேன். "வெள்ளையா படிஞ்சாதான் வெயிலைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியாத கிரீம்ல என்ன இருக்கப் போகுது?" இது தவறு. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையான வெளிச்சம் சிதறுவது. தோலைச் சுடுவது 290 முதல் 400 வரையான புற ஊதாக் கதிர். அதைத் தடுக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒன்றை வைத்து இன்னொன்றை அளக்க முடியாது. இதற்குப் பின்னால் இன்னொரு பழைய பாடம் ஒளிந்திருக்கிறது: ஜிங்க் ஆக்சைடு வகை கதிரைத் திருப்பி அடிக்கும், மற்றவை உறிஞ்சும் என்பது. பாதிக்குப் பாதி மருத்துவப் பிரதிநிதிகள் இன்றும் இதையே ஒப்பிக்கிறார்கள். அளந்து பார்த்தபோது, இந்தத் தூள்கள் புற ஊதாக் கதிரில் சராசரியாக இருபதில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகின்றன. மீதி வேலை முழுக்க உறிஞ்சுவதுதான். ஆக, வெள்ளை என்பது மருந்தின் வீரியம் இல்லை, பக்கவிளைவு. அது இல்லாமலே பாதுகாப்பு கிடைக்கும். மாறாக, சுண்ணாம்பாய்ப் படிகிற மலிவான கிரீம் ஒன்று புற ஊதாவில் கோட்டை விட்டுக்கொண்டும் இருக்கலாம்.

புதிய கிரீம்கள் இந்த வெள்ளையை மூன்று வழியில் குறைக்கின்றன. முதல் வழி, துகளைச் சிறிதாக்குவது. டைட்டானியம் டை ஆக்சைடை 15, 30 நானோமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் பெரும்பாலும் சிதறாமல் கடந்துபோகும். ஆனால் சின்னத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். திரண்டால் பழைய பருமன், பழைய வெள்ளை. அதனால் ஒவ்வொரு துகளுக்கும் சிலிகா, அலுமினா, ஸ்டீயரிக் அமிலம், சிலிகான் போன்றவற்றால் மேல்பூச்சு கொடுத்து, எண்ணெயில் முன்கூட்டியே நன்றாகப் பரப்பிய பிறகே கிரீமில் சேர்க்கிறார்கள். நல்ல கிரீமும் சுமாரான கிரீமும் பிரிகிற இடம் இதுதான். உட்பொருள் பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், முகத்தில் இருக்காது. (நானோ என்றதும் பயப்படுகிறவர்களுக்கு: ஆரோக்கியமான தோலில் இவை மேல் அடுக்கோடு நின்றுவிடுகின்றன. மூச்சில் போகும்படி ஸ்ப்ரே அடிப்பதுதான் வேண்டாதது.)

இதற்கு ஒரு விலை உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடைச் சிறிதாக்கும்போது அதன் தடுப்பு, புற ஊதாவில் குட்டை அலையான யு.வி.பி பக்கம் நகர்ந்து, மங்கைக் கிளப்பும் நீண்ட அலையான யு.வி.ஏ பக்கம் பலவீனமாகும். அது மட்டுமே வடிகட்டியாக இருக்கும் 'கண்ணாடி மாதிரி' கிரீமில் எஸ்.பி.எஃப் 50 இருக்கலாம், யு.வி.ஏ பாதுகாப்பு மெலிந்திருக்கலாம். ஜிங்க் ஆக்சைடும் இருக்கிறதா, யு.வி.ஏ தடுப்பைக் காட்டும் பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் நான்கு பிளஸ் அல்லது வட்டத்துக்குள் யு.வி.ஏ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது வழி, துகளே வேண்டாம் என்பது. பெமோட்ரிசினால், எத்தில்ஹெக்சில் ட்ரையசோன் போன்ற வடிகட்டிகள் எண்ணெயில் கரைந்துவிடுபவை. கரைந்தபின் வெளிச்சத்தைச் சிதறடிக்கத் துகளே கிடையாது, ஆகவே வெள்ளையும் கிடையாது. பெமோட்ரிசினால் யு.வி.பி, யு.வி.ஏ இரண்டையும் பிடிக்கும், வெளிச்சத்தில் எளிதில் சிதையாது. இந்த வகையிலும் பிசாக்ட்ரிசோல் என்ற ஒன்று விதிவிலக்கு. அது நுண்துகளாகவே இருப்பதால் அதிகம் சேர்த்தால் லேசாக வெளுக்கும். "கெமிக்கல்னு போட்டிருக்கு, அப்புறம் ஏன் வெள்ளையா இருக்கு?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதுவாக இருக்கும், அல்லது பட்டியலின் நடுவில் ஒளிந்திருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடாக இருக்கும்.

மூன்றாவது வழி, நிறம் சேர்ப்பது. சிவப்பு, மஞ்சள், கறுப்பு அயர்ன் ஆக்சைடுகளைக் கலந்து வெள்ளையைத் தோல் நிறத்துக்கு இழுக்கிறார்கள். உட்பொருள் பட்டியலில் சி.ஐ. 77491, 77492, 77499 என்று இருக்கும். மங்கு இருப்பவர்களுக்கு நான் எழுதுவது இதைத்தான், அதற்குக் காரணம் அழகு இல்லை. மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே, குறிப்பாக நீலம், கறுப்பை ஏற்றும். நிறமில்லாத சன்ஸ்கிரீன் எவ்வளவு உயர்ந்ததானாலும் அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதன் பொருளே அதுதானே. அயர்ன் ஆக்சைடு அதைத் தடுக்கும். வெயிலில் தோல் சிவக்காமல், எரியாமல் இருந்தால் போதும் என்பவர்களுக்கு நிறமில்லாதது தாராளம்.

டியூபை மாற்றுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். கிரீம் என்பதே நீரும் எண்ணெயும் கலந்த பால்மம். தேய்க்கும்போது எந்தக் கிரீமும் வெள்ளையாகத்தான் இருக்கும். நீர் ஆவியானதும் அந்த வெள்ளை ஓரிரு நிமிடத்தில் போய்விடும். பத்து நிமிடம் கழித்தும் நிற்பதுதான் துகளின் வெள்ளை. உருண்டு உருண்டு உரிந்து வந்தால் அது வேறு: அடியில் போட்ட மாய்ஸ்சரைசர் காயவில்லை, அல்லது இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. தோல் வறண்டு செதிலடித்திருந்தாலும், தாடி முளைத்திருந்தாலும் தூள் அங்கே போய்த் தங்கும்.

சோதிக்கும்போது புறங்கையில் ஒரு துளி தேய்த்துப் பார்ப்பது வீண் வேலை. தாடையிலிருந்து கழுத்து வரை, ஒரு பக்கம் மட்டும், முழு அளவில் போடுங்கள். பத்து நிமிடம் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். பிளாஷ் போட்டு ஒரு படமும் எடுங்கள். கடையின் மஞ்சள் விளக்கில் மறைந்த சாம்பல் அதில் தெரிந்துவிடும்.

பூசும் முறை: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் ஒவ்வொரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறைய சரியான அளவு. ஒரே தடவையில் அப்பாமல் முதல் கோட்டைப் பரப்பி, ஒரு நிமிடம் விட்டு இரண்டாவதைப் பரப்புங்கள். திட்டுத்திட்டாக நிற்பது இதிலேயே பாதி குறையும். வெள்ளை மறைகிறவரை அழுத்தித் தேய்க்காதீர்கள், படலம் அறுந்துபோகும். மாய்ஸ்சரைசர், தண்ணீர், ஃபவுண்டேஷன் எதையும் உள்ளங்கையில் சன்ஸ்கிரீனோடு குழைக்காதீர்கள், தயவுசெய்து. அப்படிக் குழைத்ததன் எஸ்.பி.எஃப் என்னவென்று தயாரித்தவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நிறம் சேர்த்தவற்றில் உங்கள் தோலுக்கு ஏற்ற சாயல் கிடைக்கவில்லை என்றால், முகம் முழுக்க ஆரஞ்சாகத் திரிய வேண்டியதில்லை. நிறமில்லாததை முழு அளவில் முகமெங்கும் பூசி, அது காய்ந்தபின் நிறமுள்ளதைக் கன்னம், நெற்றி, மேலுதடு என மங்கு உள்ள இடங்களில் மட்டும் ஒற்றி, ஓரங்களை விரல்நுனியால் கலைத்துவிடுங்கள்.