பரமண்டல ஜெபத்தின் கடைசி வரி எங்கிருந்து வந்தது?

ஆர்.சி. குடும்பமும் சி.எஸ்.ஐ. குடும்பமும் சம்பந்தம் செய்துகொள்வது நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கங்களில் புதிதல்ல. அப்படிப்பட்ட வீடுகளில் எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது, "தீமை" என்ற இடத்தோடு ஒரு பாதி நிறுத்திவிடும். மறுபாதி "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்" என்று தொடரும். இதில் எது சரி, வரியைச் சேர்த்தது யார், எடுத்தது யார் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வீட்டிலிருக்கும் பழைய திருப்புதல் வேதாகமத்தைத் திறந்து மத்தேயு 6:9-13 வசனங்களையும் லூக்கா 11:2-4 வசனங்களையும் அடுத்தடுத்து வாசியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம்தான். ஆனால் லூக்காவில் "ராஜ்யமும், வல்லமையும்" என்ற வரி கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அடுத்து கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் அதே லூக்கா பகுதியைப் பாருங்கள். ஜெபம் சட்டென்று சுருங்கிவிடும். "தந்தையே" என்ற ஒற்றை விளிதான் தொடக்கம். "உமது திருவுளம் நிறைவேறுக" என்ற வேண்டுதல் இல்லை. "தீயோனிடமிருந்து விடுவியும்" என்பதும் இல்லை. சோதனை என்ற இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

மொழிபெயர்த்தவர்கள் தம் விருப்பத்துக்கு வெட்டியதல்ல இது. முன்னது பிற்காலக் கிரேக்கக் கையெழுத்துப்படிகளைச் சார்ந்த அச்சுப் பதிப்பைப் பின்பற்றுகிறது. பின்னது இன்று கிடைத்திருக்கும் மிகப் பழைய படிகளை.

இரு சுவிசேஷங்களுக்கும் இடையே ஆதியிலேயே வேறுபாடு இருந்ததற்குக் காரணம் சொல்வது எளிது. மத்தேயுவில் இந்த ஜெபம் மலைப்பிரசங்கத்தின் நடுவே வருகிறது. லூக்காவிலோ, யோவான் தன் சீஷருக்குக் கற்றுக்கொடுத்ததுபோல எங்களுக்கும் கற்றுத்தாரும் என்று ஒரு சீஷன் கேட்டபோது வருகிறது. இயேசு இருமுறை கற்பித்தார் என்பது சபைகளின் பழைய விளக்கம். இரு வேறு சபைக் கூட்டங்களில் வாய்மொழியாக வழங்கிய இரு வடிவங்களை இருவரும் எழுதிவைத்தார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கூடி ஓதும் ஜெபம் காலப்போக்கில் வளருமே தவிர, புனிதமான வேண்டுதலை யாரும் உருவி எடுக்கமாட்டார்கள். ஆகவே லூக்காவின் குறுகிய நீளமே மூலத்துக்கு நெருக்கம் என்று அவர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

சரி, குறுகிய லூக்கா எப்படி நீண்டது? கையெழுத்துப்படி ஆய்விலேயே மிக அழகான பகுதி இதுதான்.

படி எடுப்பவர் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுவதில்லை. ஒரு சொற்றொடரைக் கண்ணால் எடுத்து, மனதில் பிடித்து, கையால் இறக்குகிறார். அந்த நொடிநேர இடைவெளியில் மனப்பாடமான வாசகம் உள்ளே புகுந்துவிடும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் திருவிவிலியத்தின் லூக்கா வடிவத்தைப் பார்த்து எழுதச் சொல்லிப் பாருங்கள், அவர்கள் தினமும் சொல்லும் ஜெபத்தின் சொற்கள் தாமாகவே வந்து விழ வாய்ப்புண்டு. சபைகள் தினமும் சொன்னது மத்தேயுவின் வடிவத்தை. எனவே லூக்காவின் படிகள்தான் மத்தேயுவைப்போல மாறின. இதை ஒத்திசைவு என்பார்கள். எழுத்தர் வேண்டுமென்றே செய்வதும் உண்டு: முன்னால் இருக்கும் படியில் சொற்கள் விட்டுப்போயிருக்கின்றன என்று நம்பி, நல்லெண்ணத்தோடு நிரப்பிவிடுவார்.

இதன் படிநிலைகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கணிக்கப்படும் போட்மர் பாப்பிரஸ் 75, நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான் படி ஆகிய இரண்டிலும் லூக்காவின் ஜெபம் குறுகியது. அதே நான்காம் நூற்றாண்டின் சினாய் படியில் தொடக்கம் இன்னும் வெறும் "பிதாவே"தான். ஆனால் "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" வந்துவிட்டது. "தீமையினின்று இரட்சித்துக்கொள்ளும்" என்பதை முதல் எழுத்தர் எழுதவில்லை, பின்வந்த திருத்துநர் சேர்த்திருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டின் அலெக்சாந்திரிய படிக்கு வந்தால் எல்லாம் நிரம்பி, நம் பழைய திருப்புதலில் இருப்பதுபோல ஆகிவிட்டது. சினாய் படி பாதி வழியில் பிடிபட்ட சாட்சி. அதன் பக்கங்களின் படங்கள் முழுவதும் 2009இலிருந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் மாவட்டத்து ஆலயங்களின் பழைய பதிவேடுகளுக்கும் இப்படிப் பணம் செலவிட யாராவது முன்வரவேண்டும், கரையான் காத்திருக்காது.

இனி மத்தேயுவின் கடைசி வரி. சினாய், வத்திக்கான் படிகளிலும், ஐந்தாம் நூற்றாண்டின் பெசா படியிலும் அது இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் இந்த ஜெபத்துக்கு விரிவாக விளக்கம் எழுதிய தெர்த்துல்லியன், ஒரிகேன், சிப்ரியான் மூவரும் இந்த வரிக்கு விளக்கமே தரவில்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மத்தேயுவைப் பிரசங்கித்த கிறிசோஸ்தோம் தருகிறார். வாஷிங்டன் படியிலும் பிற்காலக் கிரேக்கப் படிகளில் பெரும்பாலானவற்றிலும் வரி இருக்கிறது.

எழுத்தரின் கண் தவறி வரி விடுபட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அடுத்தடுத்த இரு வரிகள் ஒரே மாதிரி முடிந்தால் கண் தாவுவது உண்மைதான். ஆனால் இங்கே அப்படித் தாவுவதற்கு ஏற்ற ஒத்த முடிவு இல்லை. அதைவிட வலுவான தடயம் வரியின் வடிவம். "திதாக்கே" என்னும் ஆதிசபைக் கையேடு, நாளுக்கு மூன்று முறை இந்த ஜெபத்தைச் சொல்லச் சொல்கிறது. அதில் முடிவு "வல்லமையும் மகிமையும்" என்று இரண்டே சொற்கள், ராஜ்யம் இல்லை. எகிப்தின் சகிதிக் மொழிபெயர்ப்பிலும் அப்படியே. பழைய சிரியாக் படி ஒன்றில் "ராஜ்யமும் மகிமையும்", பழைய லத்தீன் படி ஒன்றில் "வல்லமை" மட்டும். எழுத்தில் நிலைத்திருந்த ஒரு வாக்கியம் ஊருக்கு ஊர் இப்படி மாறாது. சபை வாயால் சொல்லிவந்த முடிவு, ஒவ்வொரு வட்டாரத்திலும் தனித்தனியே ஏட்டில் ஏறினால் இப்படித்தான் தெரியும். துதியோடு ஜெபத்தை முடிப்பது யூத வழக்கம். சொற்களுக்கோ 1 நாளாகமம் 29:11இல் தாவீதின் ஜெபம் முன்மாதிரியாக இருக்கிறது.

முதலில் மனதில் வைக்கச் சொன்னதை இப்போது எடுங்கள். லூக்காவை மத்தேயுவிலிருந்து நிரப்பிய எழுத்தர்கள் மற்றதையெல்லாம் கொண்டுவந்தார்கள், இந்த வரியை மட்டும் கொண்டுவரவில்லை. நிரப்பும் வேலை தொடங்கிய காலத்தில் அவர்கள் அறிந்த மத்தேயு "தீமை"யோடு முடிந்திருக்கவேண்டும் என்பதே இதற்கு இயல்பான விளக்கம்.

1516இல் எராஸ்மஸ் என்னும் அறிஞர் முதன்முதலாகக் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டபோது அவர் கையில் இருந்தவை பெரும்பாலும் பிற்காலப் படிகள். அவற்றிலிருந்த வரி அச்சில் நிலைபெற்று, தரங்கம்பாடியில் 1715இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் காலத்திலும் அதுவே பொதுப் பாடமாக இருந்தது. மேற்கின் லத்தீன் வேதாகமத்தில் வரி இல்லாததால் கத்தோலிக்கர் "தீமை"யோடு நிறுத்தினார்கள். ஆகவே "புதிய பைபிளில் வசனத்தைத் திருடிவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பொய். வரியைச் சொல்பவர்கள் வேதத்தைக் கெடுத்தார்கள் என்பதும் பொய். அந்த முடிவின் இரு சொல் வடிவம் திதாக்கே அளவுக்குப் பழையது.

கையெழுத்துப்படிகள் இதுவரைதான் நம்மை அழைத்துச்செல்லும். லூக்காவின் இந்தப் பகுதிக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய சாட்சி போட்மர் பாப்பிரஸ். அது எழுதப்படுவதற்கு முன்பே சுவிசேஷம் நூறு ஆண்டுகளுக்கும் மேல் கைமாறி வந்திருக்கிறது. இயேசு ஒருமுறை கற்பித்தாரா இருமுறையா என்பது அந்த இடைவெளிக்கும் அப்பால் இருக்கும் கேள்வி. அதற்கு எந்தப் படியிலும் பதில் இல்லை.