ஐம்பது மீட்டர் எதிர்த்திசை: 300 ரிங்கிட்டா, 5,000 ரிங்கிட்டா?

ஒருவழிச் சாலையில் எதிரே போனால் எவ்வளவு அபராதம் என்று கேட்பவர்களிடம் ஒரே தொகையைச் சொல்லிவிட முடியாது. மலேசியாவில் இந்தத் தவற்றின் மேல் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் இரண்டு பிரிவுகள் பாயலாம். ஒன்று சில நூறு ரிங்கிட்டோடு முடிந்துவிடும். மற்றொன்று ஓட்டுநர் உரிமத்தை ஐந்து ஆண்டுக்குப் பறித்து, சிறைவரை கொண்டுபோகும். எந்தப் பிரிவு என்பது எத்தனை மீட்டர் போனீர்கள் என்பதால் மட்டும் முடிவாவதில்லை. பலர் ஏமாறுவது இங்கேதான்.

முதலாவது 79(2)ஆம் பிரிவு, அதாவது போக்குவரத்துப் பலகைக்குக் கீழ்ப்படியாமை. சிவப்பு வட்டத்தின் நடுவே வெள்ளைப் பட்டை போட்ட நுழையத் தடைப் பலகை, ‘ஜாலான் செஹாலா’ அம்புப் பலகை இரண்டுமே இதில் அடங்கும். சிவப்பு விளக்கை மீறுவதும் இதே பிரிவில்தான் வருகிறது. நீதிமன்றத்துக்குப் போனால் 300 ரிங்கிட்டுக்குக் குறையாமலும் 2,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமலும் அபராதம். பெரும்பாலான வழக்குகள் அவ்வளவு தூரம் போவதில்லை, சம்மனோடு முடிந்துவிடுகின்றன.

இரண்டாவது 42(1)ஆம் பிரிவு, பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் வாகனம் ஓட்டுவது. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறை குற்றவாளி என்று தீர்ப்பானால் 5 ஆண்டு வரை சிறை, கூடவே 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதம். உரிமம் குறைந்தது 5 ஆண்டுக்குப் போய்விடும். மறுபடியும் அதே குற்றம் செய்தால் சிறை 10 ஆண்டு வரை, அபராதம் 10,000 முதல் 20,000 வரை, உரிமத்துக்குத் தடை குறைந்தது 10 ஆண்டு. இங்கே சம்மன் கட்டிவிட்டு நகரும் வழி கிடையாது. நீதிமன்றத்தில் நின்றாக வேண்டும்.

“ரோட்ல ஒரு வண்டியும் இல்லையே, யாருக்கு ஆபத்து?” என்பதுதான் இந்த வழக்குகளில் அடிக்கடி கேட்கும் வாதம். சட்டம் அதற்கு முன்கூட்டியே பதில் சொல்லி வைத்திருக்கிறது. சாலையின் தன்மை, நிலை, அளவு ஆகியவற்றோடு, அந்த நேரத்தில் அங்கிருந்த போக்குவரத்தையும், அங்கே இருக்கக்கூடும் என்று எதிர்பார்க்கத்தக்க போக்குவரத்தையும் பார்த்துத்தான் ஆபத்தை அளக்க வேண்டும் என்கிறது 42ஆம் பிரிவு. எதிர்பார்க்கத்தக்க என்ற அந்தச் சொல்லில்தான் வழக்கு நிற்கிறது. இரவு மூன்று மணிக்குக் காலியாக இருந்த சாலை என்பது உதவலாம். மாலை ஆறு மணிக்கு ஒரு நிமிடம் காலியாக இருந்த சாலை என்பது உதவாது.

பிரிக்பீல்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். லிட்டில் இந்தியாப் பகுதியில் ஜாலான் துன் சம்பந்தன் ஒருவழி. அதில் வந்து சேரும் குறுக்குச் சந்து ஒன்றிலிருந்து ஒருவர் மோட்டாரில் வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் போக வேண்டிய கடை, வாகன ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக ஐம்பது மீட்டரில் இருக்கிறது. முறைப்படி போவதென்றால் பெரிய சுற்று. ஓரமாக ஐம்பது மீட்டர் எதிரே போனால் அரை நிமிடம்கூட ஆகாது. உணவு விநியோகிப்பவருக்கு இந்தக் கணக்கு நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

அவர் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு. ஒருவழிச் சாலையில் சேரும் ஓட்டுநர் ஒரு பக்கம் மட்டுமே பார்க்கிறார். வாகனங்கள் எந்தப் பக்கமிருந்து வருமோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, இடைவெளி கிடைத்ததும் வண்டியை எடுத்துவிடுவார். சாலையைக் கடக்கும் பாட்டியும் அப்படித்தான் பார்ப்பார். எதிர்த்திசையில் வருபவர் அவர்கள் பார்க்கவே பார்க்காத பக்கத்திலிருந்து வருகிறார். ஹாரன் அடித்தாலும் அவர்களின் கண் முதலில் தவறான பக்கம்தான் போகும்.

நேருக்கு நேர் வந்தால் வேகமும் கூடிவிடுகிறது. இருவரும் மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்தால், இடையிலுள்ள தூரம் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் குறைகிறது. அது விநாடிக்கு 22 மீட்டர். பார்த்துப் புரிந்துகொண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆனால், அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். ஐம்பது மீட்டரில் மிச்சம் 17 மீட்டர். இரண்டு பேரும் அதற்குள் நிறுத்தியாக வேண்டும்.

இனி நம் மோட்டார்காரரின் கதை மூன்று விதமாகப் போகலாம். ஒன்றும் நடக்காமல் போலீஸ்காரர் கையில் மட்டும் சிக்கினால் 79(2), சம்மன். 2026 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள முறைப்படி 15 நாளுக்குள் கட்டினால் பாதி கழிவு, 16 முதல் 30 நாளுக்குள் 33 விழுக்காடு, 31 முதல் 60 நாள் வரை முழுத் தொகை, அதற்கும் மேல் போனால் நீதிமன்றம். 300 ரிங்கிட் சம்மன் என்றால் முதல் இரண்டு வாரத்தில் 150தான். வருடக் கடைசியில் பெரிய கழிவு அறிவிப்பார்கள் என்று சம்மனை மேசை இழுப்பறையில் போட்டுவைக்கும் பழைய பழக்கத்துக்கு இனி இடமில்லை. தொகையை MyBayar PDRM தளத்தில் பார்த்துக் கட்டலாம்.

இரண்டாவது, சந்திலிருந்து வந்த கார் ஒன்றின் முன்பக்கத்தில் மோதிவிடுகிறார். யாருக்கும் அடியில்லை. விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும், இது 52ஆம் பிரிவு. ‘பேசி முடித்துக்கொள்வோம்’ என்று ரொக்கம் கைமாறினாலும் அந்தக் கடமை போவதில்லை. மறுநாள் கார்க்காரர் மனம் மாறிப் புகார் கொடுத்தால், புகார் செய்யாத குற்றமும் மோட்டார்காரர் தலையில் சேரும். விசாரணை அதிகாரி இடத்தைப் பார்த்து வரைபடம் வரைவார், யார் தவறு என்று முடிவு செய்வார். காப்பீட்டு நிறுவனங்கள் பார்ப்பது அந்த முடிவைத்தான். வண்டி ஓட்டத்துக்கு எதிராக நின்றது என்று வரைபடத்தில் இருந்தால், ‘அவரும் வேகமாக வந்தார்’ என்ற வாதம் பெரிதாக எடுபடாது.

தவறு செய்தவர் கார் ஓட்டியாக இருந்தால் இன்னொரு இழப்பு பின்னால் வரும். தனியார் காருக்கு ஐந்து ஆண்டு இழப்பீடு கோராமல் இருந்தால் கிடைக்கும் என்சிடி கழிவு 55 விழுக்காடு. அடிப்படைப் பிரீமியம் 1,200 ரிங்கிட் என்றால் 660 கழிந்து 540தான் கட்டுவார். இந்த விபத்துக்காக அவர் காப்பீட்டின் மீது கோரிக்கை வந்தால் கழிவு சுழியத்துக்கு வந்துவிடும், அடுத்த ஆண்டு 1,200. பிறகு 25, 30, 38.33, 45 என்று படிப்படியாக ஏறி மறுபடி 55க்கு வர ஐந்து ஆண்டு ஆகும். சம்மனைவிட இதுதான் பலருக்கு அதிகம் செலவாகிறது. தவறில்லாத கார்க்காரரோ முழுக் காப்பீடு வைத்திருந்தால், தன் நிறுவனத்திடமே பழுதுச் செலவைக் கோரலாம், அவர் கழிவு போகாது.

மூன்றாவது, யாராவது காயப்பட்டாலோ, காயமில்லாவிட்டாலும் ஓட்டிய விதம் மோசமாக இருந்தாலோ 42ஆம் பிரிவு வருகிறது. கூட்டமான நேரம், வேகம், மற்ற வண்டிகள் விலகி ஒதுங்க வேண்டியிருந்தது, நிறுத்தச் சொல்லியும் தொடர்ந்து போனது ஆகியவைதான் ஒரு பலகை மீறலை ஆபத்தான ஓட்டுதலாக மாற்றுகின்றன. இவற்றையெல்லாம் இப்போது பின்னால் வரும் காரின் டேஷ்கேம் பதிவு செய்துவிடுகிறது. பரவும் காணொளியை வைத்து வண்டி எண்ணைக் கண்டுபிடித்தால், ஓட்டியது யார் என்று சொல்லும் கடமை உரிமையாளருக்கு உண்டு என்கிறது 115ஆம் பிரிவு. மகனிடம் மோட்டாரைக் கொடுத்த அப்பாவுக்குத்தான் கடிதம் வரும். உயிரிழப்பு நேர்ந்தால் 41ஆம் பிரிவு. அதில் முதல் குற்றத்துக்கே 5 முதல் 10 ஆண்டு சிறை, 20,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதம்.

தெரியாமல் நுழைந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். லாரி மறைத்த பலகை, மரக்கிளை, அண்மையில் திசை மாற்றிய சாலையைப் பழையபடியே காட்டும் கைப்பேசி வரைபடம் எல்லாம் காரணம். சில அடையாளங்களைப் பார்த்தால் உடனே புரிந்துவிடும். ஓரத்தில் நிறுத்தியிருக்கும் கார்கள் இரு பக்கமும் உங்களைப் பார்த்து நிற்கும். பலகைகளின் சாம்பல் நிறப் பின்பக்கம்தான் தெரியும். போக்குவரத்து விளக்குக் கம்பத்தில் வெளிச்சம் தெரியாது. தரையில் வரைந்த அம்புகள் உங்களை நோக்கி இருக்கும். சாய்வாகக் கோடு போட்ட நிறுத்துமிடங்கள் என்றால், உள்ளே திரும்ப முடியாதபடி கோணம் எதிராக இருக்கும்.

புரிந்ததும் வேகத்தைக் கூட்டிச் சந்தின் மறுமுனைக்கு ஓடிவிடலாம் என்று தோன்றும். அதைத்தான் செய்யக்கூடாது. ஓரம் ஒதுங்கி நிறுத்தி, நான்கு பக்க விளக்கையும் போடுங்கள். முன்விளக்கு எரியட்டும். எதிரே வருபவர்கள் கடந்துபோனதும் பக்கத்துச் சந்து அல்லது கட்டட வாசல் ஒன்றில் வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். நுழைவாயிலைத் தாண்டிச் சில மீட்டரே வந்திருந்தால், யாராவது பின்னால் நின்று பார்த்துச் சொல்ல, மெதுவாகப் பின்னோக்கி வெளியேறலாம். மோட்டார்காரருக்கு இன்னும் எளிய வழி உண்டு. சரியான பக்கத்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு அந்த ஐம்பது மீட்டரை நடந்து போய்விடலாம். பொட்டலத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார்சைக்கிள் தடத்தில் இதைவிடக் கூடுதல் எச்சரிக்கை தேவை. அங்கே மழைக்கு ஒதுங்க, விட்டுப்போன வெளியேறும் வழிக்குத் திரும்ப என்று எதிர்த்திசையில் வருபவர்கள் உண்டு. தடம் குறுகியது, வளைவுகளில் எதிரே யார் வருகிறார் என்று தெரியாது, விலகவும் இடமில்லை. வழி தவறினால் அடுத்த வெளியேற்றம் வரை போய்ச் சுற்றி வருவது ஒன்றுதான் வழி.

பலகை நிஜமாகவே தெரியவில்லை என்றால் சம்மனை எதிர்க்க முடியும். அன்றே, முடிந்தால் அதே நேரத்தில், ஓட்டுநர் இருக்கையின் கண் உயரத்திலிருந்து, நுழைவாயிலுக்கு முப்பது, இருபது, பத்து மீட்டர் தொலைவில் மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறைத்த கிளையோ லாரியோ படத்தில் இருக்க வேண்டும். கோலாலம்பூரில் டிபிகேஎல்லிடமும் பினாங்குத் தீவில் எம்பிபிபியிடமும் அது பற்றிப் புகார் செய்து எண்ணை வாங்கி வையுங்கள். ஒரு வாரம் கழித்துக் கிளையை வெட்டிவிட்டால் உங்கள் சொல்லுக்கு வேறு சாட்சி இருக்காது. இந்தப் படங்கள் 79(2) வழக்கில்தான் முழுமையாக உதவும். 42ஆம் பிரிவில் பலகை தெரிந்ததா என்பது ஒரு கேள்வி மட்டுமே. எதிரே மூன்று கார் விலகுவதைப் பார்த்த பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்பதற்குப் படம் பதில் சொல்லாது.