நூறுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்: டி.ஐ. கணக்கில் மார்க் போகும் இடம்

நாகர்கோவிலில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். 100-ஐ ஒட்டிய எண்களைப் பெருக்கும் குறுக்குவழி இங்கே எல்லாருக்கும் தெரியும், ஆனால் டேட்டா இன்டர்பிரட்டேஷனில் அதே வழிதான் பலரைத் தவறான ஆப்ஷனில் கொண்டு விடுகிறது.

வகுப்பில் நான் போடும் ஒரு அட்டவணையையே பார்ப்போம். தோவாளையில் பூ விற்கும் ஒருவர் முதல் வாரம் கிலோ 96 ரூபாய்க்கு 93 கிலோ விற்றார், அடுத்த வாரம் 104 ரூபாய்க்கு 86 கிலோ. எந்த வாரம் வருமானம் அதிகம், எவ்வளவு அதிகம்? தோராயமாகப் போட்டால் இரண்டுமே 9000-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், ஒன்றும் புரியாது. அதனால் சரியாகப் பெருக்கித்தான் ஆக வேண்டும்.

96, 93 இரண்டும் நூறுக்குக் கீழே, குறைவு 4, 7. ஒன்றிலிருந்து மற்றதன் குறைவைக் கழித்தால் 96 − 7 = 89, குறைவுகளைப் பெருக்கினால் 28, சேர்த்து எழுதினால் 8928. இதில் யாரும் தடுமாறுவதில்லை.

சறுக்குவது அடுத்ததில். 104 நான்கு கூடுதல், 86 பதினான்கு குறைவு. 104 − 14 = 90, அதாவது 9000. ஒன்று மேலே, ஒன்று கீழே இருப்பதால் 4 × 14 = 56-ஐக் கழிக்க வேண்டும், விடை 8944. பழக்கதோஷத்தில் பக்கத்தில் ஒட்டி 9056 என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டாம் வாரம்தான் அதிகம் என்பது அப்போதும் சரியாகவே வரும், ஆனால் வித்தியாசம் 16 என்பதற்குப் பதில் 128 ஆகிவிடும், கேள்வி போடுபவர் அந்த 128-ஐயும் ஆப்ஷனில் வைத்திருப்பார். கடைசி இலக்கத்தைப் பார்த்தால் உடனே பிடிபடும்: 4 × 6 = 24, விடை 4-ல் முடிய வேண்டும், 9056 முடியவில்லை.

50-ஐ ஒட்டிய வர்க்கத்தில் தப்பு வேறு மாதிரி. 50-இன் வர்க்கம் 2500, அதன் முன்பகுதி 25-லிருந்து குறைவைக் கழிக்க வேண்டும். 48-க்குக் குறைவு 2, 25 − 2 = 23, பின்னால் 2-இன் வர்க்கம் 4, அதை 04 என்று இரண்டு இலக்கமாக எழுதினால்தான் 2304. 37-க்குக் குறைவு 13, முன்னால் 25 − 13 = 12, பின்னால் 169. அந்த 1-ஐ முன்னால் ஏற்றி 1369 என்று எழுத வேண்டும், ஏற்ற மறந்தால் 1269. இங்கே கடைசி இலக்கம் உதவாது, இரண்டுமே 9-ல்தான் முடிகிறது. இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 37-க்கு 10, அதாவது 1, அதன் வர்க்கமும் 1. 1369-க்கு 19, பிறகு 10, பிறகு 1. 1269-க்கோ 18, அதாவது 9, ஒத்து வரவில்லை.

அப்புறம், 83 × 78 மாதிரி நூறை விட்டுத் தள்ளிப் போன எண்களுக்கு இதை இழுக்காதீர்கள், 17 × 22-ஐப் பெருக்குவதே தனி வேலையாகிவிடும், அங்கே சாதாரணமாகப் பெருக்குவதுதான் வேகம். ஆப்ஷன்கள் ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கில் தள்ளியிருந்தால் அதுவும் தேவையில்லை, தோராயமே போதும்.