நாய்க்குட்டிக்கு ஒரு ஊசி ஏன் போதாது

45 நாள் குட்டியை விற்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிய தடுப்பூசி அட்டையைக் கையில் கொடுத்து, "ஊசி போட்டாச்சு" என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஒரு ஊசியை நம்பித் தெருவில் இறக்கிவிடப்படும் குட்டிகளைத்தான் ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரஸ் எளிதில் பிடிக்கிறது.

காரணம் தாயின் சீம்பால். அதன் வழியே வந்த எதிர்ப்புப் பொருட்கள் குட்டியைக் காக்கின்றன. ஆனால் ஊசி மருந்திலுள்ள வலுக்குறைந்த வைரஸையும் அவையே வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும். சில குட்டிகளுக்கு 6 வாரத்திலேயே அவை வடிந்துவிடும், சிலவற்றுக்கு 16 வாரம் வரை நிற்கும். எந்த ஊசி பிடிக்கும் என்று முன்கூட்டியே தெரியாததால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம்.

45ஆம் நாள் முதல் ஊசி என்றால், 21 நாள் இடைவெளியில் அடுத்தவை 66, 87ஆம் நாள்களில் வரும். நான்காவதை 108ஆம் நாளே போடாமல் நான்கு நாள் தள்ளி, 16 வாரம் முடியும் 112ஆம் நாள் போடுங்கள். தவறவிடக் கூடாதது இந்தக் கடைசி ஊசிதான். 87ஆம் நாளே 12 வாரம் தாண்டிவிடுவதால், வெறிநாய்க்கடி ஊசியையும் அன்றே போடலாம். பூச்சி மருந்தை மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எடை பார்த்துக் கொடுக்க வேண்டும்.

சாப்பாடு மூன்று மாதம் வரை நான்கு வேளை: காலை 7, பகல் 12, மாலை 5, இரவு 9. பிறகு ஆறு மாதம் வரை மூன்று வேளை. முதல் சில நாள் பழைய இடத்தில் தின்றதையே கொடுத்து, புதியதை ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். பசும்பால் வேண்டாம், பல குட்டிகளுக்கு வயிறு இளகும். இளகியும் குட்டி துள்ளி விளையாடினால் பாலை நிறுத்திப் பாருங்கள். வாந்தி எடுத்து, சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் சுருண்டு கிடந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தக்கழிச்சல் வரட்டும் என்று காத்திருந்தால் உடம்பில் நீர் வற்றிவிடும்.

கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெரு வேண்டாம் என்பதால், மொட்டை மாடியிலோ பால்கனியிலோ ஒரு மூலையில் குட்டி மூத்திரம், மலம் போகச் செய்தித்தாள் விரியுங்கள். தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்துக்குள்ளும் அங்கே தூக்கிப் போங்கள். போய் முடித்த அந்தக் கணமே ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்காது, இரவிலும் ஒருமுறை எழத்தான் வேண்டும்.

வீட்டுக்குள் போய்விட்டதற்காக அதன் மூக்கைப் பிடித்து அந்த இடத்தில் தேய்த்தால் குட்டி கற்பது ஒன்றே: உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போவது. ஃபினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். நொதி கலந்த கிளீனரால் துடைக்காவிட்டால் அதே இடத்துக்கே வரும். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று சொட்டுச் சொட்டாகப் பல இடங்களில் மூத்திரம் விட்டால், அடம் என்று அதட்டாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள், தொற்று இருக்கலாம்.